சராசரி 10 சதவீதம், கையில் 5,88,000: விடுபட்ட பணத்தின் கணக்கு

“ஐயா, வெளிநாட்டில் சம்பாதித்ததில் 5 லட்சத்தைப் பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றில் போட்டு நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் 40 சதவீதம் லாபம், அடுத்து 30 சதவீதம் நட்டம், பிறகு 50 சதவீதம் லாபம், போன வருஷம் 20 சதவீதம் நட்டம். கூட்டி நாலால் வகுத்தால் வருஷத்துக்கு 10 சதவீதம். அந்தக் கணக்குப்படி 7,32,050 இருக்க வேண்டும், ஆனால் இருப்பு 5,88,000தான். மீதி எங்கே போனது? வருஷம் 50,000 எடுத்துக் குடும்பம் நடத்தலாம் என்று நினைத்திருந்தேன், அது நடக்குமா?” (கீழக்கரையிலிருந்து ஒருவர்)

விடுபட்டதாக நீங்கள் நினைக்கும் 1,44,050 ரூபாயை யாரும் எடுக்கவில்லை. ஃபண்டை நடத்தும் நிறுவனம் தன் செலவுகளைக் கழித்துக்கொண்ட பிறகுதான் ஒரு யூனிட்டின் மதிப்பு வெளியிடப்படுகிறது. நீங்கள் குறிப்பிட்ட நான்கு சதவீதங்களும் அந்த மதிப்பிலிருந்து வந்தவை என்றால் செலவுகள் ஏற்கெனவே அவற்றுக்குள் அடங்கிவிட்டன. உங்கள் அறிக்கையில் பிழை இல்லை. கூட்டி வகுத்ததிலும் பிழை இல்லை. அப்படிக் கிடைத்த 10 சதவீதத்தை எடுத்து நான்கு ஆண்டுகளுக்குக் கூட்டு வட்டி போட்ட இடத்தில்தான் தவறு நேர்ந்திருக்கிறது. அந்த 7,32,050 ரூபாய் எந்த நாளிலும் உங்கள் கணக்கில் இருக்க வாய்ப்பில்லாத ஒரு தொகை.

முதலில் பணம் நடந்த வழியை ஆண்டுவாரியாகப் பார்த்துவிடலாம். 5,00,000 ரூபாய் 40 சதவீதம் உயர்ந்து 7,00,000 ஆயிற்று. அடுத்த ஆண்டின் 30 சதவீத நட்டம் இந்த 7,00,000 ரூபாயின் மேல் விழுந்தது. ஆகவே நட்டம் 2,10,000 ரூபாய், மிஞ்சியது 4,90,000. இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். 40 ஏறி 30 இறங்கினால் 10 மிச்சம் என்றுதான் மனம் சொல்லும், ஆனால் போட்ட முதலிலேயே 10,000 ரூபாய் குறைந்திருக்கிறது. ஏறியபோது கிடைத்தது 5 லட்சத்தின் 40 சதவீதமான 2,00,000. இறங்கியபோது போனது 7 லட்சத்தின் 30 சதவீதமான 2,10,000. சிறிய தொகையின் பெரிய சதவீதத்தைக் காட்டிலும் பெரிய தொகையின் சிறிய சதவீதம் கூடுதலாகிவிட்டது. மூன்றாம் ஆண்டில் 4,90,000 ரூபாய் பாதிக்குப் பாதி கூடி 7,35,000 ஆனது. நான்காம் ஆண்டில் அதன் ஐந்தில் ஒரு பங்கு போய் 5,88,000 என்று நின்றது.

நம் கரையிலிருந்தே இரண்டு தொழில்களை எடுத்துக்கொண்டால் எங்கே கூட்ட வேண்டும், எங்கே பெருக்க வேண்டும் என்பது தெளிவாகும். பாம்பனில் ஒருவரிடம் ஒரு நாட்டுப்படகு இருக்கிறது. அதில் அவர் போட்ட முதல் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மீன்பாடு உள்ள ஆண்டில் செலவும் கூலிப் பங்கும் போக அவருக்கு 2 லட்சம் மிஞ்சுகிறது. அதை அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். அடுத்த ஆண்டில் வலை அறுந்து, இயந்திரம் பழுதாகி 1,50,000 நட்டம். அதைக் கையிலிருந்து போட்டுப் படகைப் பழையபடி கடலில் இறக்குகிறார். மூன்றாம் ஆண்டில் 2,50,000 லாபம், நான்காம் ஆண்டில் 1,00,000 நட்டம். சதவீதமாகப் பார்த்தால் உங்கள் ஃபண்டின் அதே 40, 30, 50, 20தான். ஆனால் லாபத்தில் படகு பெரிதாவதும் இல்லை, நட்டத்தில் சிறிதாவதும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே 5 லட்சம் பெறும் படகுதான் கடலுக்குப் போகிறது. இங்கே லாப நட்டங்களைக் கூட்டினால் நான்கு ஆண்டுகளுக்கு நிகரமாக 2,00,000 ரூபாய், ஆண்டுக்கு 50,000, முதலில் 10 சதவீதம். கூட்டி வகுத்த சராசரி இங்கே ஒரு ரூபாய் கூடப் பிசகவில்லை.

இப்போது மண்டபத்தின் பக்கம் கிடை போட்டு ஆடு வளர்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் 100 ஆடுகள். முதல் ஆண்டில் குட்டிகளோடு சேர்த்து 140 ஆகிறது, எதையும் விற்கவில்லை. அடுத்த ஆண்டு நோய் வந்து பத்தில் மூன்று சாகிறது. நோய் பழைய 100 ஆட்டை மட்டும் கணக்கில் கொண்டு 30 ஆட்டோடு நிற்பதில்லை. அப்போது கிடையில் இருக்கும் 140 ஆட்டிலும்தான் பத்துக்கு மூன்று என்று எடுக்கும். மிச்சம் 98. அடுத்த ஆண்டு பாதிக்குப் பாதி பெருகினாலும் குட்டி போடுவதற்கு இருப்பவை அந்த 98தான், ஆகவே 147. அதன் பிறகு ஐந்தில் ஒன்று போனால் ஏறத்தாழ 118. உங்கள் 5 லட்சம் 5,88,000 ஆன அதே விகிதம் இது. கிடையில் ஓர் ஆண்டின் முடிவு அடுத்த ஆண்டின் தொடக்கமாகிறது, அதனால் 1.40, 0.70, 1.50, 0.80 என்ற நான்கு எண்களும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. பெருக்கினால் வருவது 1.176. எடுக்காமலும் சேர்க்காமலும் விட்டுவைத்த எந்த முதலீடும் கிடையைப் போன்றதுதான், படகைப் போன்றது அன்று. நீங்கள் கிடை வைத்திருந்துகொண்டு படகுக்குரிய சராசரியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதை அறிந்துகொள்வது பயனுள்ளது. ஒரு தொகை ஓர் ஆண்டு x அளவு ஏறி மறு ஆண்டு அதே x அளவு இறங்கினால் நடப்பது இதுதான்:

```
(1 + x)(1 − x) = 1 − x²
```

சராசரி பூஜ்யம், ஆனால் x-இன் வர்க்கம் அளவுக்குப் பணம் குறைகிறது. 10 சதவீதம் ஏறி இறங்கினால் நூற்றுக்கு 1 ரூபாய் போகிறது. 20 சதவீதம் என்றால் 4 ரூபாய், 50 சதவீதம் என்றால் 25 ரூபாய். முதலில் இறங்கிப் பிறகு ஏறினாலும் அதேதான், ஏனெனில் பெருக்கலில் எது முன், எது பின் என்ற வேறுபாடு இல்லை. ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகிறது என்பதுதான் இதில் நினைவில் வைக்க வேண்டியது.

உங்கள் 5 லட்சத்தையே வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆண்டுதோறும் சரியாக 10 சதவீதம் வந்தால் நான்கு ஆண்டு முடிவில் 7,32,050. அதற்குப் பதிலாக 9, 11, 9, 11 என்று சிறிதளவு ஆடினால் 7,31,929 வரும். வேறுபாடு வெறும் 121 ரூபாய். 0, 20, 0, 20 என்று ஆடினால் 7,20,000. வேறுபாடு 12,050 ரூபாய். ஆட்டம் பத்து மடங்கானதும் இழப்பு ஏறத்தாழ நூறு மடங்கானதைக் கவனியுங்கள். 40, −20, 40, −20 என்றால் 6,27,200. அதாவது 1,04,850 ரூபாய் குறைவு. உங்களுக்கு நேர்ந்த 40, −30, 50, −20 அதையும்விடக் கடுமையான ஆட்டம், அதனால்தான் 1,44,050. இந்த நான்கு வரிசைகளுக்கும் கூட்டி வகுத்த சராசரி, அதாவது கூட்டுச் சராசரி, ஒன்றேதான். வங்கி வைப்புத்தொகையில் ஓர் ஆண்டு 7, மறு ஆண்டு 6.5 என்று வட்டி மாறும்போது இந்தத் தொல்லையை யாரும் உணராததற்கும், பங்குச்சந்தையில் மட்டும் அது கண்ணை உறுத்துவதற்கும் இந்த வர்க்கமே காரணம்.

கையில் தாளும் பேனாவும் இருந்தால் போதும் என்கிற அளவுக்கு ஒரு தோராயக் கணக்கும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டின் வருமானமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கமாக்கி, அவற்றின் சராசரியில் பாதியைக் கூட்டுச் சராசரியிலிருந்து கழித்தால் உண்மையான வளர்ச்சிக்கு அருகில் வந்துவிடலாம். உங்களுக்கு விலகல்கள் 0.30, 0.40, 0.40, 0.30, வர்க்கங்களின் சராசரி 0.125, அதில் பாதி 0.0625, அதாவது 6.25 சதவீதம். 10-இல் அதைக் கழித்தால் 3.75. உண்மையான விடை 4.14 சதவீதம் என்பதைக் கீழே காட்டுகிறேன். ஆட்டம் இவ்வளவு பெரியதாக இருக்கும்போது தோராயம் சற்றுப் பிசகும். சாதாரண அளவில் நன்றாகவே பொருந்தும்.

இது ஒரு ஃபண்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. நம் நாட்டின் சென்செக்ஸ் குறியீட்டெண் 2007-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஏறத்தாழ 20,287 புள்ளிகளில் முடிந்தது. 2008-இல் உலகச் சந்தைகளோடு சேர்ந்து சரிந்து 9,647-க்கு வந்தது, அது 52.4 சதவீத இறக்கம். 2009-இல் 81 சதவீதம் ஏறி 17,465, 2010-இல் 17.4 சதவீதம் ஏறி 20,509, 2011-இல் 24.6 சதவீதம் இறங்கி 15,455, 2012-இல் 25.7 சதவீதம் ஏறி 19,427. இந்த ஐந்து ஆண்டுச் சதவீதங்களைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 9.4 சதவீதம் லாபம் என்று வருகிறது. உண்மையில் நடந்தது என்ன? 20,287-இல் தொடங்கிய எண் 19,427-இல் முடிந்திருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்தும் நட்டம்.

குறியீட்டெண்ணின் போக்கில் 1 லட்சம் ரூபாய் போயிருந்தால் ஆண்டு முடிவுகளில் அது ஏறத்தாழ 47,600, 86,100, 1,01,100, 76,200, 95,800 என்று நின்றிருக்கும். நிலையாக 9.4 சதவீதம் கிடைத்திருந்தால் அதே 1 லட்சம் ஏறத்தாழ 1,56,700 ஆகியிருக்கும். (நிறுவனங்கள் தந்த டிவிடெண்ட் சென்செக்ஸ் எண்ணில் சேராது, அதைச் சேர்த்தால் முடிவு சற்று மேம்படும், ஆனால் 1,56,700-க்கு அருகில் கூட வராது.) 2009-இன் 81 சதவீதம் காதுக்கு எவ்வளவு பெரிதாக ஒலித்தாலும், 52.4 சதவீதம் இழந்த பணம் பழைய நிலைக்கு வர 110 சதவீதம் ஏற வேண்டியிருந்தது. பாதி போனால் இருப்பது இரட்டிப்பாக வேண்டும். ஐந்தில் ஒன்று போனால் நான்கில் ஒன்று கூட வேண்டும். இறக்கம் ஆழமாக ஆக, மீள்வதற்குத் தேவைப்படும் ஏற்றம் அதைவிட வேகமாக வளர்கிறது. மேலே சொன்ன தோராயக் கணக்கை இந்த ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீத நட்டம் என்று வந்தது. உண்மை 0.9 சதவீத நட்டம்.

ஆகவே விட்டுவைத்த பணத்துக்குக் கேட்க வேண்டிய எண், ஆண்டுக் கூட்டு வளர்ச்சி விகிதம். சி.ஏ.ஜி.ஆர் என்று ஃபண்ட் விவரத் தாள்களில் அச்சிடப்படுவது அதுதான். கடைசி இருப்பை முதல் இருப்பால் வகுத்து, ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற மூலத்தை எடுத்து, 1-ஐக் கழித்தால் அது கிடைக்கும். கணினியிலோ கைபேசியிலோ உள்ள கணக்குத் தாளில் இப்படித் தட்டலாம்:

```
=(588000/500000)^(1/4)-1
```

விடை 0.0414, அதாவது ஆண்டுக்கு 4.14 சதவீதம். நான்கு ஆண்டும் மாறாமல் 4.14 சதவீதம் வந்திருந்தாலும் இதே 5,88,000 தான் கிடைத்திருக்கும் என்பது இதன் பொருள். ஆண்டுச் சதவீதங்கள் மட்டும் கையில் இருந்தால், 1.40, 0.70, 1.50, 0.80 என்று A1 முதல் A4 வரை எழுதிவிட்டு `=GEOMEAN(A1:A4)-1` என்று போட்டாலும் இதே எண் வரும். இந்தப் பெருக்குச் சராசரி கூட்டுச் சராசரியைத் தாண்டவே தாண்டாது. எல்லா ஆண்டும் ஒரே வருமானம் வந்தால் மட்டும் இரண்டும் சமமாக இருக்கும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தின் வருமானத்தை விளம்பரத்தில் காட்டும்போது சி.ஏ.ஜி.ஆர் ஆகத்தான் காட்ட வேண்டும் என்று மியூச்சுவல் ஃபண்டுகளுக்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி விதி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் கூட்டுச் சராசரி எங்கிருந்து நுழைகிறது என்றால், ஆண்டுவாரி வருமானத்தைப் பட்டியலாகப் பார்க்கும்போது அதைக் கூட்டி வகுப்பது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. முகவர் வாயால் சொல்லும்போதும் அதுவே வரும். ஒருவர் “சராசரியாக இத்தனை சதவீதம்” என்றால், “அப்படியானால் அன்று போட்ட 1 லட்சம் இன்று எவ்வளவு?” என்று ரூபாயில் கேளுங்கள். அவர் சொல்லும் தொகை அவருடைய சதவீதத்தின் கூட்டு வட்டிக்குப் பொருந்தவில்லை என்றால், அவர் சொன்னது படகுச் சராசரி. என்னிடம் கணக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

இதைக் கேட்டுவிட்டு, ஆடுகிற முதலீடெல்லாம் தீது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஒப்பிட வேண்டியது கூட்டு வளர்ச்சியோடு கூட்டு வளர்ச்சியை. ஆண்டுக்கு 7 சதவீதம் கூட்டு வட்டி தரும் வைப்புத்தொகையில் உங்கள் 5 லட்சம் நான்கு ஆண்டில் 6,55,398 ஆகியிருக்கும். ஆகவே “சராசரி 10” என்ற உங்கள் ஃபண்ட் நிலையான 7-இடம் தோற்றிருக்கிறது. ஆனால் 35, −5, 35, −5 என்று ஆடிய ஒரு முதலீட்டுக்குக் கூட்டுச் சராசரி 15, கூட்டு வளர்ச்சி 13.2 சதவீதம், அது ஆடினாலும் 7-ஐ நன்றாகவே வென்றுவிடுகிறது. ஆட்டத்துக்காகக் கழிய வேண்டியது கழிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதல் கேள்வியைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம், ஏனெனில் முதலாவது கடந்துபோன கணக்கு, இது இனி நடக்கப்போவது. ஆண்டுக்கு 10 சதவீதம் வருகிறது, 5 லட்சத்தில் 10 சதவீதம் 50,000, ஆகவே அதை எடுத்தாலும் முதல் அப்படியே நிற்கும் என்பது உங்கள் எண்ணம். நிலையாக 10 சதவீதம் வந்தால் அது உண்மை. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் இருப்பு 5,50,000 ஆகி, 50,000 எடுத்ததும் 5,00,000 என்று நிற்கும். உங்கள் ஃபண்டின் அதே நான்கு ஆண்டுகளில் ஆண்டு முடிவில் 50,000 வீதம் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் ஆண்டு 7,00,000 ஆகி, எடுத்த பின் 6,50,000. இரண்டாம் ஆண்டு 4,55,000-க்கு இறங்கி, எடுத்த பின் 4,05,000. மூன்றாம் ஆண்டு 6,07,500 ஆகி, எடுத்த பின் 5,57,500. நான்காம் ஆண்டு 4,46,000-க்கு இறங்கி, எடுத்த பின் 3,96,000. முதலில் 1,04,000 ரூபாயைத் தின்றிருப்பீர்கள்.

பணம் எடுக்கத் தொடங்கியதும், அதுவரை பொருட்டில்லாத ஒன்று பொருட்டாகிறது. விட்டுவைத்த பணத்துக்கு ஆண்டுகளின் வரிசை எப்படி மாறினாலும் முடிவு 5,88,000தான் என்று பார்த்தோம். எடுக்கிற பணத்துக்கு அப்படியன்று. அதே நான்கு வருமானங்களைத் திருப்பிப் போட்டு −20, 50, −30, 40 என்று வைத்துப் பாருங்கள். 4,00,000-க்கு இறங்கி எடுத்த பின் 3,50,000. பிறகு 5,25,000 ஆகி 4,75,000. பிறகு 3,32,500 ஆகி 2,82,500. கடைசியில் 3,95,500 ஆகி 3,45,500. வருமானங்கள் அவையே, எடுத்த தொகையும் அதுவே, ஆனால் வரிசை மாறியதற்கு மட்டும் 50,500 ரூபாய் குறைவு. நோயில் ஆடு செத்து கிடை சிறுத்திருக்கும் ஆண்டிலும் வழக்கமான எண்ணிக்கையில் ஆட்டை விற்றால், அடுத்த ஆண்டு குட்டி போடத் தாயாடு குறைந்துவிடும். தாழ்ந்த ஆண்டில் எடுக்கிற 50,000-க்கு நல்ல ஆண்டைவிடக் கூடுதலான யூனிட்டுகளை விற்க வேண்டியிருக்கிறது. அந்த யூனிட்டுகள் பின்னால் வரும் ஏற்றத்தில் பங்கு பெறுவதில்லை. ஆகவே எடுக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் இறக்கம் வந்தால் அதன் காயம் கடைசி வரை ஆறாது.

முதலைக் கரைக்காமல் எவ்வளவு எடுத்திருக்க முடியும் என்பதையும் போட்டுப் பார்த்தேன். நடந்த வரிசையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,900 ரூபாய். திருப்பிப் போட்ட வரிசையில் ஏறத்தாழ 18,100 ரூபாய். 50,000 என்ற எண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மாதம் மாதம் பணம் போடுகிறவர்களுக்கும் வரிசையின் இந்த விளைவு உண்டு, ஆனால் எதிர்த் திசையில்: தொகை சிறியதாக இருக்கும் தொடக்கத்தில் வரும் இறக்கம் அவர்களை அதிகம் தாக்குவதில்லை, பெரிதாகச் சேர்ந்த பிறகு கடைசியில் வரும் இறக்கம்தான் தாக்கும். அவர்கள் தங்கள் வருமானத்தை சி.ஏ.ஜி.ஆர் கொண்டு அளக்கக் கூடாது. ஒவ்வொரு தவணையின் தேதியையும் கணக்கில் கொள்ளும் `XIRR` என்ற சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

நிலையான தொகைக்குப் பதிலாக, ஆண்டு முடிவில் இருக்கும் இருப்பில் இத்தனை சதவீதம் என்று எடுத்தால் வரிசையின் தொல்லை முதலுக்கு நீங்கிவிடும், ஏனெனில் எடுப்பதும் ஒரு பெருக்கலாகிவிடுகிறது. உங்கள் நான்கு ஆண்டுகளில் இருப்பில் 4 சதவீதம் வீதம் எடுத்திருந்தால் கைக்கு வந்திருப்பவை 28,000, 18,816, 27,095, 20,809 ரூபாய். முடிவில் இருப்பு 4,99,416. போட்ட 5 லட்சம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. கூட்டு வளர்ச்சி 4.14 என்பதும், 4 எடுத்தால் முதல் நிற்கிறது என்பதும் ஒன்றையொன்று ஒட்டி வருவது தற்செயலன்று. எடுக்கக்கூடியதன் அளவைச் சொல்வது கூட்டு வளர்ச்சிதான், கூட்டுச் சராசரி அன்று. ஆனால் அந்த 4.14 நான்கு ஆண்டு முடிந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்வது. அடுத்த நான்கு ஆண்டுக்கு அது கூடலாம், குறையலாம். மேலும் ஓர் ஆண்டு 28,000, மறு ஆண்டு 18,816 என்ற ஏற்ற இறக்கத்தை இப்போது உங்கள் சமையற்கட்டு தாங்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டுச் செலவுக்கு உறுதியான தொகை வேண்டும் என்றால், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு எடுக்க வேண்டியதை மட்டும் முன்கூட்டியே ஃபண்டிலிருந்து பிரித்து வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள். ஃபண்ட் நன்றாக ஏறிய ஆண்டில் அதிலிருந்து எடுத்து வைப்புத்தொகையை நிரப்புங்கள். இறங்கிய ஆண்டில் ஃபண்டைத் தொடாமல் வைப்புத்தொகையிலிருந்து மட்டும் எடுங்கள். ஆண்டுத் தொகையை 50,000 என்று வைக்காமல் 20,000-க்கு அருகில் தொடங்கினால், 5,88,000 ரூபாயில் 60,000 மட்டும் வைப்புக்குப் போகும், மீதி 5,28,000 ஃபண்டில் நிற்கும். விற்கும்போது லாபத்துக்கு வரி உண்டா என்பதை உங்கள் கணக்காளரிடம் கேட்டுவிட்டு, ஃபண்ட் உயர்ந்திருக்கும் ஒரு மாதத்தில் அந்த 60,000-ஐப் பிரியுங்கள்.